டயாலிசிஸ் கிளெய்ம் நிராகரிப்பு: மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

"குடியாத்தத்திலிருந்து வேலூர் போய் வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்கிறேன். 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று 12 முறைக்கான கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். என்ன எழுதுவது?"

மேல்முறையீடு என்பது, நிராகரித்த காரணத்தை மறுபரிசீலனை செய்யும்படி காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுவது. கஷ்டத்தை விவரிப்பதைவிட, அவர்கள் சொன்ன அந்த ஒரு காரணத்துக்குப் பதில் சொல்வதுதான் முக்கியம்.

24 மணி நேர விதி சாதாரண அட்மிஷனுக்கு. டயாலிசிஸ் சுமார் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், பெரும்பாலான பாலிசிகளில் அது 'டே கேர்' சிகிச்சை, அதாவது 24 மணி நேரம் அட்மிட் ஆகாமலே கிளெய்ம் செய்யக்கூடியது. மண்டபத்துக்கு முழுநாள் வாடகை என்றாலும் காதுகுத்துக்கு அரைநாள் உண்டு என்று எழுதி வைத்திருப்பது போலத்தான் இது.

உங்கள் பாலிசியில் டயாலிசிஸுக்கு விலக்கு தரும் வரி எந்தப் பக்கத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்து, அதைக் குறிப்பிட்டு இப்படி எழுதுங்கள்: "நிராகரிப்புக் கடிதத்தில் 24 மணி நேர விதி காட்டப்பட்டுள்ளது. பாலிசியின் இந்தப் பிரிவு டயாலிசிஸுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. 12 முறைக்கான தொகையையும் வழங்கக் கோருகிறேன்."

ஒவ்வொரு முறைக்கும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பில் எண் எழுதி, டயாலிசிஸ் சார்ட் நகலை இணையுங்கள். பில் தேதியும் சார்ட் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் கிளெய்ம் அங்கேயே சிக்கும். வாரம் 3 முறை ஏன் தேவை என்று சிறுநீரக மருத்துவரின் சான்றும் வேண்டும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் வக்கீலும் தேவையில்லை.

மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதியை மறுத்தாலே கிளெய்ம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பணம் கட்டிவிட்டு அசல் பில்களோடு பிறகு கேட்கலாம்.