“சிப் ரிவிஷன் மாறியதால் தாமதம்” என்று மெயில் வந்தால்

கேள்வி: எங்கள் கருவிக்கு ஃபர்ம்வேர் எழுதித் தரும் ஃப்ரீலான்சர், “nRF52832 ரிவிஷன் மாறிவிட்டது, ஒருமுறை ஃபர்ம்வேர் ஏற்றியதும் போர்டு பூட்டிக்கொள்கிறது, இன்னும் மூன்று வாரம் வேண்டும்” என்று மெயில் அனுப்பியிருக்கிறார். நாங்கள் வாங்கியது அதே பார்ட் நம்பர்தான். இது சாக்கா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். பார்ட் நம்பர் மாறாமலேயே உள்ளே மாறும். சிப்பின் மேலுள்ள இரண்டாவது வரியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். `QFAAE0` என்றிருந்தால் பழையது, `QFAAG0` என்றிருந்தால் ரிவிஷன் 3.

பூட்டு என்பது வெளியிலிருந்து டீபக் போர்ட் வழியாகச் சிப்பைப் படிக்கவும் எழுதவும் விடாத பாதுகாப்பு. பழைய சிப்பில் நாமாகப் பூட்டினால்தான் பூட்டு விழும். அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2020-ல் வெளியானது. ரிவிஷன் 3-ல் கதை தலைகீழ்: ரீசெட் ஆனதும் தானே பூட்டிக்கொள்ளும். திறந்தே வைத்திருக்க இரண்டும் வேண்டும். சிப்பின் UICR பகுதியில் `0x5A` என்ற மதிப்பு இருக்க வேண்டும். ஃபர்ம்வேரும் ஆரம்பத்திலேயே இதைச் செய்ய வேண்டும்:

```
NRF_APPROTECT->DISABLE = 0x5A;
```

பழைய ஃபர்ம்வேரில் இந்த வரி கிடையாது. அதனால் முதல் முறை ஏற்றியதும் கருவி ஓடும். பவரை அணைத்துப் போட்டு மறுபடி இணைத்தால் “readback protection” என்று பிழை வரும்.

இங்கே ஒரு விலக்கை நன்றாகக் கவனியுங்கள். உங்கள் தயாரிப்பில் ஃபர்ம்வேர் ஒரே ஒருமுறைதான் ஏற்றப்படுகிறது, அதன்பின் ஜிக் சிப்பைத் தொடுவதே இல்லை என்றால், பூட்டு விழுந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. விற்ற கருவி பூட்டியிருப்பதே நல்லது. புளூடூத் வழி அப்டேட்டும் வழக்கம்போல் போகும். அப்படியிருந்தும் தாமதம் என்றால் காரணம் வேறு. ஆனால் ஃபர்ம்வேர் ஏற்றி, பவரை அணைத்து, சோதித்து, பிறகு அதே ஜிக்கில் சீரியல் நம்பரோ கேலிப்ரேஷனோ எழுதுகிறீர்கள் என்றால், இரண்டாவது கட்டம் நின்றுபோகும்.

அந்த இடத்தில் அசெம்ப்ளிக்காரர் “`nrfjprog --recover` போட்டால் சரியாகிவிடும்” என்பார். விடாதீர்கள். அது பூட்டைத் திறப்பது மொத்த ஃபிளாஷையும் அழித்துத்தான். ஏற்கெனவே எழுதிய கேலிப்ரேஷன் போய்விடும், சில சமயம் யாரும் கவனிக்காமலே.

இடைத்தரகரிடம் சில்லறையாக வாங்கிய சிப் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஒரே பையில் E-யும் G-யும் கலந்து தந்துவிட்டு “எல்லாம் ஒன்றுதான் சார்” என்பார்கள். இனி பர்ச்சேஸ் ஆர்டரில் ரிவிஷன் எழுத்தையும் போடுங்கள். தயாரிப்பாளர் அனுப்பும் மாற்ற அறிவிப்பு கொள்முதல் பிரிவின் இன்பாக்ஸிலேயே கிடக்கிறது, கோடு எழுதுபவருக்குப் போவதே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மாறவில்லை!

கோடு மாற்றம் சில வரிகள்தான். நாள் பிடிப்பது பழைய நோர்டிக் எஸ்டிகேயைப் புதுப்பித்து, இரண்டு ரிவிஷனிலும் முழுச் சோதனையை மறுபடி ஓட்டுவது. ஒரு வாரம் நியாயம். மூன்று வாரம் கேட்டால், எஸ்டிகேயின் எந்தப் பகுதி மாறுகிறது, ஜிக்கின் எந்தக் கட்டம் நிற்கிறது என்று எழுதிக் கேளுங்கள். சோதிக்க E, G இரண்டிலும் ஐந்தைந்து போர்டுகளை இன்றே கூரியரில் அனுப்பிவிடுங்கள்.