சக்‌ஷன் கப் சோப்பு ஸ்டாண்டு விழுந்துகொண்டே இருக்கிறதா?

கேள்வி: குளியலறைச் சுவர் டைல்ஸில் சக்‌ஷன் கப் வைத்த சோப்பு ஸ்டாண்டு ஒன்றை ஒட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காக நிற்கிறது, மூன்றாம் நாள் காலையில் கீழே கிடக்கிறது. வேறு கம்பெனி ஸ்டாண்டும் வாங்கிப் பார்த்துவிட்டேன், அதுவும் அப்படித்தான். வாடகை வீடு என்பதால் டைல்ஸில் ஓட்டை போட முடியாது. விலை அதிகமானதாக வாங்கினால் நிற்குமா? இல்லை, பசை வைத்து ஒட்டும் வகைக்கு மாறிவிடலாமா?

பதில்: மூன்றாவது ஸ்டாண்டு வாங்குவதற்கு முன்னால், கையில் இருப்பதை முகம் பார்க்கும் கண்ணாடியிலோ ஜன்னல் கண்ணாடியிலோ ஒட்டி வையுங்கள். சோப்பையும் அதில் வைத்து, டைல்ஸில் நின்ற நாட்களைவிட ஒரு நாள் கூடுதலாக விட்டுவிடுங்கள். அங்கே விழாமல் நின்றால் கப்பில் குறையில்லை, டைல்ஸில்தான் ஏதோ இருக்கிறது. அங்கேயும் விழுந்தால் கப் போய்விட்டது, டைல்ஸை எவ்வளவு தேய்த்தாலும் பலனில்லை. இரண்டு கம்பெனி ஸ்டாண்டும் ஒரே மாதிரி விழுகிறது என்று சொல்வதால் எனக்கு டைல்ஸ் மேல்தான் சந்தேகம். அப்படி இருந்தால், விலை கூடிய கப்பும் அதே இடத்தில் அதே போல விழும்.

சக்‌ஷன் கப்பில் பசை எதுவும் கிடையாது. அழுத்தும்போது உள்ளே இருக்கும் காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. கையை எடுத்ததும் கப் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அதனால் உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியில் இருக்கும் காற்று கப்பைச் சுவரோடு அமுக்கிப் பிடிக்கிறது. ஓரத்தில் மயிரிழை அளவு வழி இருந்தாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியில் பிடி விட்டுவிடும்.

எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதை வைத்தே பாதி காரணத்தைச் சொல்லிவிடலாம். ஒட்டிய சில நிமிடங்களிலேயே விழுந்தால், கப்பின் ஓரம் டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் ஏறியிருக்கும், இல்லையென்றால் டைல்ஸ் சொரசொரப்பானதாக இருக்கும். விழாமல் மெதுவாகக் கீழே வழுக்கிக்கொண்டு வந்தால், ஓரத்தில் தண்ணீரோ சோப்புப் பசையோ இருக்கிறது, அல்லது பாரம் அதிகம். உங்களுடையது போல இரண்டு மூன்று நாள் நின்று விழுந்தால் அது மெதுவான கசிவு. வெந்நீரில் குளிப்பவராக இருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சூட்டில் உள்ளே மிச்சமிருக்கும் காற்று விரிகிறது, பிளாஸ்டிக்கும் இளகுகிறது. ஆறியதும் பழைய நிலைக்கு வருகிறது. ஒவ்வொரு குளியலுக்கும் இது நடக்கும்போது, ஏற்கெனவே கசியும் ஓரம் இன்னும் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும்.

அந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சோப்புப் படிவிலிருந்துதான். தண்ணீரில் உள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத மெல்லிய படலமாக டைல்ஸில் உட்கார்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. டைல்ஸ் நன்றாகக் காய்ந்த பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பளபளப்புக்கு நடுவே சாம்பல் பூத்தது போல மங்கலான திட்டுகள் தெரிந்தால் அதுதான். காய்ந்த விரலால் தேய்த்துப் பார்த்தால், சுத்தமான டைல்ஸில் விரல் இழுபட்டுக் கீச்சென்று சத்தம் வரும். படிவு இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். போன தடவை கப் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரத்தைச் சுற்றித் தேங்கிய தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பு அது. அதன் மேலேயே மறுபடி ஒட்டினால் மேட்டின் மேல் ஒட்டியது போலத்தான்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அதில் டிஷ்யூ பேப்பரை நனைத்து டைல்ஸில் ஒட்டிவிடுங்கள். வெறுமனே தெளித்தால் வழிந்து ஓடிவிடும், பேப்பர் இருந்தால் அங்கேயே நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பேப்பரை எடுத்துவிட்டு, கீறல் விழாத ஸ்பாஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். நிறையப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வினிகர் உப்புக்கறையைக் கரைத்துவிடும், ஆனால் சோப்புப் படிவை உடைக்கும்போது அதிலிருக்கும் கொழுப்பு டைல்ஸிலேயே பசையாக மிஞ்சும். அதனால் அடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஒரு தடவை தேய்த்து, நுரை போகும் வரை கழுவிவிட வேண்டும். அப்புறம் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒரு முறை துடைத்தால் போதும். அதற்குப் பதிலாகக் கை கழுவும் சானிடைசர் ஜெல்லைப் பயன்படுத்த வேண்டாம். கையை மென்மையாக வைக்க அதில் சேர்க்கும் கிளிசரின் போன்றவை டைல்ஸில் தங்கிவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சுவரில் இருப்பது மார்பிள் போன்ற இயற்கைக் கல் என்றால் வினிகரே கூடாது, பளபளப்பை அரித்துவிடும். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் மட்டும் போதும். இன்னொன்று, பிளீச் கலந்த பாத்ரூம் கிளீனர் போட்ட இடத்தில் வினிகர் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்து.

கப்பையும் அதே பாத்திரத் திரவத்தால் கழுவி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் சில நிமிடம் போட்டு வையுங்கள். நெளிந்த ஓரம் பழையபடி சமமாகிவிடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். எடுத்துத் துடைத்த பிறகு ஓரத்தை லேசாக மடக்கிப் பாருங்கள். உடனே நிமிர்ந்தால் நல்லது. விறைப்பாக இருந்தாலோ, மஞ்சளடித்திருந்தாலோ, ஓரத்தில் நுணுக்கமான வெடிப்பு தெரிந்தாலோ அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். இந்தக் கப்கள் பெரும்பாலும் பிவிசியில் செய்யப்படுகின்றன. அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் நாளடைவில் வெளியேறிவிட்டால், எதைச் செய்தாலும் மென்மை திரும்பாது.

ஒட்டும்போது சுவர் காய்ந்தும் ஆறியும் இருக்க வேண்டும். குளித்து முடித்த கையோடு ஒட்டாதீர்கள். கப்பின் முழு ஓரமும் ஒரே டைல்ஸுக்குள், இணைப்புக் கோட்டிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி இருக்கட்டும். ஈர விரலால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினால், அந்த மெல்லிய ஈரம் சின்ன இடைவெளிகளை அடைத்துவிடும். சொட்டச் சொட்ட நனைத்தால் வழுக்கும். எண்ணெய், வாசலின் தடவச் சொல்வார்கள், வேண்டாம். காற்றை அடைத்தாலும் கப்பை வழுக்கவிடும், பின்னால் அதே இடத்தில் பசை வகையை ஒட்ட நினைத்தால் அதையும் ஒட்டவிடாது. நடுவில் அழுத்திச் சற்று நேரம் பிடித்திருங்கள். சோப்பை ஒரு மணி நேரம் கழித்து வைக்கலாம்.

பாரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பித்தான் வாங்குகிறோம். 5 செ.மீ. விட்டமுள்ள கப்பின் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர செ.மீ. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. உள்ளே காற்றே இல்லாவிட்டால் 20 கிலோ எடைக்குச் சமமான பிடி என்று கணக்கு வரும். ஆனால் கையால் அழுத்தி எல்லாக் காற்றையும் வெளியேற்ற முடியாது. அதோடு, இந்தப் பிடி கப்பைச் சுவரோடு சேர்த்து அமுக்குவதுதான். சோப்போ கீழ்நோக்கி இழுக்கிறது. அதைத் தாங்குவது கப்புக்கும் டைல்ஸுக்கும் இடையே உள்ள உராய்வு, ஈரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்டாண்டு சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாரம் மேல் ஓரத்தைச் சுவரிலிருந்து பிரித்து இழுக்கும். சோப்பு 125 கிராம்தான் இருக்கும். ஆனால் அதை எடுக்கும்போது கை தட்டின் நுனியை அழுத்துவது அதைவிடப் பல மடங்கு. அதனால் குட்டையாக, சுவரை ஒட்டி இருக்கும் தட்டாகப் பாருங்கள். தண்ணீர் தேங்காமல் அடியில் துளையும் இருக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் எடை வழுவழுப்பான, சுத்தமான பரப்புக்கானது என்று வைத்துக்கொண்டு, அதில் பாதிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு செய்தும் விழுகிறதா? ஒரு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை டைல்ஸில் வைத்துப் பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் டைல்ஸ் மேடு பள்ளமாக இருக்கிறது. அப்படிப்பட்ட டைல்ஸ், மேட் டைல்ஸ், சின்னச் சின்ன மொசைக், இவற்றில் சக்‌ஷன் கப்பை மறந்துவிடுங்கள். நெம்புகோல் அல்லது திருகு வைத்து இறுக்கும் பெரிய வகை சாதாரணக் கப்பைவிட நன்றாகப் பிடிக்கும், தளர்ந்தால் மறுபடி இறுக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் அதற்கும் சமமான, வழுவழுப்பான பரப்புதான் வேண்டும்.

ஷாம்பூ பாட்டில்களையும் அதே தட்டில் வைத்திருந்தால் அவற்றை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஷவர் குழாயின் கழுத்தில் மாட்டும் தட்டு இருக்கிறது. தரைக்கும் கூரைக்கும் இடையே ஸ்பிரிங்கால் இறுக்கி நிறுத்தும் மூலைக் கம்பித் தட்டும் இருக்கிறது. இரண்டுக்குமே ஓட்டை தேவையில்லை.

வாடகை வீட்டுக்குப் பசை வகை சரியான மாற்றுதான், சொரசொரப்பு லேசாக இருந்தால் அதுவும் தாங்கும். வாங்கும்போது ஈரமான இடத்துக்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண அறைக்கான பட்டை தண்ணீரில் நாளடைவில் பிடியை விட்டுவிடும். மேலே சொன்ன அதே வரிசையில் டைல்ஸைச் சுத்தம் செய்து, முழுக்கக் காயவிட்டு, பசைப் பக்கத்தில் விரல் படாமல் ஒட்டி, அரை நிமிடம் அழுத்துங்கள். பெட்டியில் சொல்லும் நேரத்தைக் கடைப்பிடியுங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் 24 மணி நேரம் பாரமோ தண்ணீரோ படவிடாதீர்கள், அதாவது ஒரு நாள் அங்கே குளிக்க முடியாது. கறை ஒட்டாத பூச்சு உள்ள டைல்ஸில் பசையும் சரியாகப் பிடிக்காது. தண்ணீர் தெளித்தால் சுத்தமான டைல்ஸிலும் முத்து முத்தாக நின்றால் அந்தப் பூச்சு இருக்க வாய்ப்புண்டு. அங்கே முதலில் ஒன்றை மட்டும் ஒட்டிச் சோதித்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது அதைப் பிடுங்கி இழுக்காதீர்கள். இழுத்து எடுக்கும் வால் வைத்த பட்டையாக இருந்தால், வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் மெதுவாகக் கீழே இழுத்தால் வந்துவிடும். மற்ற வகையை ஹேர் டிரையரால் ஓரிரு நிமிடம் சூடாக்கி, பல் இடுக்கு நூலையோ மீன்பிடி நரம்பையோ பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்து அறுத்துவிடலாம். மிச்சமிருக்கும் பசை ஆல்கஹாலில் ஊறிய பஞ்சால் தேய்த்தால் உருண்டு வந்துவிடும்.