சேனலின் வழக்கம் எது, விலகல் எது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் சமையல் சேனலில் ஒரு வீடியோ 21,000 பார்வைகள் பெற்றது. அதற்குப் பின் போட்டவை எல்லாம் சராசரிக்குக் கீழேயே இருக்கின்றன. சேனல் இறங்குகிறதா? கடைசி 15 வீடியோக்களின் ஏழு நாள் கணக்கை இணைத்திருக்கிறேன். – கானாடுகாத்தான் வாசகி

கணக்கோடு எழுதியதற்கு நன்றி ஆச்சி. இப்படி எழுதினால்தான் பதில் சொல்ல முடியும். உங்கள் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினேன்: 900, 1100, 1200, 1300, 1400, 1500, 1600, 1700, 1800, 2000, 2200, 2500, 3100, 3800, 21000. இவற்றின் சராசரி 3,140. பதினைந்தில் பதின்மூன்று வீடியோக்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. பெரும்பாலானவை எட்டவே முடியாத ஓர் அளவு எப்படி உங்கள் வழக்கமாகும்? அந்த ஒற்றை வீடியோதான் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது.

நடுவில் நிற்கும் எட்டாவது எண்ணைப் பாருங்கள்: 1,700. அதுதான் இடைநிலை, உங்கள் சேனலின் வழக்க அளவு. 21,000-ஐ எடுத்துவிட்டுப் பார்த்தால் இடைநிலை 1,650 ஆகிறது. கிட்டத்தட்ட அசையவே இல்லை. சராசரியோ 1,900-க்குச் சரிகிறது. அதற்குப் பின் வந்த வீடியோக்கள் 1,500, 1,800, 2,000 என்கிறீர்கள். மூன்றும் வழக்கத்தில்தான் இருக்கின்றன. சேனல் இறங்கவில்லை. ஒரு பெரிய வீடியோவுக்கு அடுத்தது பழைய மட்டத்துக்குத் திரும்புவது இயல்பு. அதை வீழ்ச்சி என்று எண்ணி எதையும் மாற்றாதீர்கள்.

அப்படியானால் 3,800 பெற்ற வீடியோவும் தனித்து நிற்பதுதானே? இடைநிலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே? – அதே வாசகி, இரண்டாவது கடிதத்தில்

இரண்டு மடங்கா, மூன்று மடங்கா என்று எல்லாச் சேனலுக்கும் பொதுவான எண் ஒன்றும் கிடையாது. உங்கள் சேனல் சாதாரணமாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் எல்லை வைக்க வேண்டும். அதற்கு, வரிசையை நான்கு சம பங்காகப் பிரிக்கும் கால்மானங்கள் போதும். விரிதாளில் எண்கள் B2 முதல் B16 வரை இருந்தால் இப்படி எழுதுங்கள்:

```
=MEDIAN(B2:B16)
=QUARTILE(B2:B16,1)
=QUARTILE(B2:B16,3)
```

முதல் கால்மானம் 1,350, மூன்றாம் கால்மானம் 2,350. உங்கள் வீடியோக்களில் ஏறக்குறைய பாதி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகின்றன. இடைவெளி 1,000. அதை ஒன்றரையால் பெருக்கி மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் 3,850. அதுதான் வேலி. 3,800 வேலிக்கு உள்ளேயே இருக்கிறது. நல்ல வீடியோ, ஆனால் உங்கள் சேனலின் சாதாரண ஏற்றத்தில் ஒன்று. 21,000 வேலியைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். பார்வைகள் கீழ்ப்பக்கம் பூச்சியத்தோடு நின்றுவிடும், மேல்பக்கம் வரம்பே இல்லாமல் நீளும். ஆகவே இந்த வேலி சற்றுக் குறுகலாகத்தான் விழும். வேலியை ஒட்டி, 4,000 அல்லது 4,500 என்று வரும் எதையும் உடனே நம்பாதீர்கள். அதே போக்கில் இன்னும் இரண்டு போட்டுப் பாருங்கள்.

மூன்று ஆண்டுக்கு முன் போட்ட வெள்ளைப் பணியாரம் வீடியோ 2 லட்சம் பார்வைகள். போன மாதம் போட்டது 4,000. மக்கள் எங்களை மறந்துவிட்டார்களா? பழைய வீடியோக்களை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? – பள்ளத்தூர்

நீக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேள்வி மாதத்துக்கு நான்கு முறையாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு வேதனையாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் இதே ஒப்பீட்டைச் செய்து, மனம் வெறுத்து, நாற்பதுக்கு மேற்பட்ட வீடியோக்களை ஒரே இரவில் அழித்தார். அவற்றில் பல, நாள்தோறும் தேடலிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தவை. திரும்பப் பெற வழியில்லை.

மூன்று வயதுப் பிள்ளையையும் கைக்குழந்தையையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளப்பீர்களா? வயது ஒத்ததை வயது ஒத்ததோடுதான் ஒப்பிட வேண்டும். உங்கள் பணியாரம் வீடியோவின் 2 லட்சம் ஒரு வாரத்தில் வந்ததில்லை. மூன்று ஆண்டு என்பது சுமார் 1,100 நாள். சராசரியாக நாளுக்கு 180 பேர். பணியாரம் செய்யத் தெரியாத யாரோ ஒருவர் தேடி வருகிறார், அடுத்த நாள் இன்னொருவர் வருகிறார். அந்த வீடியோவின் பகுப்பாய்வுப் பக்கத்தில் தேதி வரம்பை மாற்றி, வெளியான நாளையும் அடுத்த ஆறு நாளையும் மட்டும் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த எண் 2,600. போன மாத வீடியோவின் முதல் ஏழு நாள் எண் 3,000. அதாவது, நீங்கள் அழுதுகொண்டிருக்கும் புதிய வீடியோ, கொண்டாடும் பழைய வீடியோவைவிட அதே வயதில் முன்னால் நிற்கிறது!

இடைநிலை கணக்கிடும்போதும் இதே விதிதான். மொத்தப் பார்வைகளை வரிசையாக எழுதி நடு எண்ணை எடுத்தால், பழைய வீடியோக்கள் எப்போதும் பெரிதாகவும் நேற்றுப் போட்டவை எப்போதும் சிறிதாகவும் இருக்கும். அப்படிக் கிடைக்கும் இடைநிலை சேனலின் வயதைத்தான் சொல்லும், வலிமையைச் சொல்லாது. எல்லா வீடியோவுக்கும் முதல் ஏழு நாள் எண்ணை மட்டும் எடுங்கள். ஏழு நாள் நிறையாத வீடியோவைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. யூடியூப் பகுப்பாய்வில் ஒரு நாள் என்பது அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி கணக்காகிறது. காலை ஆறு மணிக்கு நம் ஊரில் போட்டால், அங்கே அது முந்தின நாள் மாலை. முதல் ‘நாள்’ ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு ஏழு மணிக்குப் போட்டதற்கோ முதல் நாளில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. ஏழு நாள் கணக்கில் இந்த வேறுபாடு சிறிது. முதல் நாள் கணக்கில் ஆளையே ஏமாற்றிவிடும். ஆகவே ஒரு நாள் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். வீடியோ போடும் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: வயது ஒத்ததை வயது ஒத்ததோடு.

என் வீடியோ 5,000 போயிருக்கிறது. இது பெரிய வெற்றியா? – தேவகோட்டை

முந்தின வீடியோக்களின் கணக்கு இல்லை, எத்தனை நாளில் வந்தது என்பதும் இல்லை. பதில் சொல்ல இயலாது. பத்து வீடியோக்களின் ஏழு நாள் எண்ணோடு மீண்டும் எழுதுங்கள்.

வீடியோ போட்டு மூன்று மணி நேரத்தில் ‘பத்தில் முதலிடம்’ என்று ஸ்டுடியோ காட்டியது. தனித்து நிற்கும் வீடியோ கிடைத்துவிட்டதா? – காரைக்குடி

அது இடம், தூரம் இல்லை. அண்மையில் போட்ட பத்து வீடியோக்களை, வெளியாகி அதே மணி நேரம் ஆனபோது இருந்த நிலையோடு ஒப்பிட்டு வரிசை தருகிறது. வயதை ஒத்துப் பார்ப்பதால் நல்ல ஒப்பீடுதான். ஆனால் பத்துப் பேர் ஓடினால் ஒருவர் முதலாவதாக வந்தே தீர்வார். எந்தச் சிறப்பும் இல்லாத வீடியோவும் பத்தில் ஒரு முறை முதலிடம் பிடிக்கும். ஏழு நாள் ஆகட்டும், வேலியைத் தாண்டியதா என்று பாருங்கள்.

பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு பிடிக்கும் முறையைப் போட்டோம். எங்கள் இடைநிலை 1,700. இது ஒரு வாரத்தில் 6,000. இனி நோன்பு, சடங்கு வீடியோக்களே போடலாமா? – ஆத்தங்குடி

திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி நகரத்தார் வீடுகளில் நோன்பு வருகிறது. அந்த வாரம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் இதைத் தேடுகிறார்கள். உங்கள் 1,700 ஆவணி முதல் கார்த்திகை வரை போட்ட சமையல் வீடியோக்களின் இடைநிலை. அதை வைத்து நோன்பு வாரத்தை அளக்கக் கூடாது. போன ஆண்டு நோன்புக்குப் போட்டது ஏழு நாளில் 5,200 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன் பக்கத்தில் 6,000-ஐ வையுங்கள். பருவத்தின் வழக்கம் அது. தையிலும் மாசியிலும் அதே வேகத்தில் ஆட்கள் வந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள், அப்போது அது வேறு கதை.

ஷார்ட்ஸையும் சேர்த்து இடைநிலை எடுக்கலாமா? – திருமயம்

கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ ஒரு பார்வை என்று யூடியூப் எண்ணுகிறது. ஆகவே அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள ஷார்ட்ஸை ஒரே பட்டியலில் போடாதீர்கள். போட்டால் பின்னால் வந்தவை எல்லாம் பெரிய வெற்றியாகத் தெரியும். பழைய முறையிலான எண் ‘Engaged views’ என்ற பெயரில் இருக்கிறது. காலம் கடந்து ஒப்பிட அதை எடுங்கள்.

எத்தனை வீடியோக்களை எடுப்பது? எங்களிடம் மொத்தம் ஆறுதான் இருக்கிறது. – புதுவயல்

ஆறு போதாது, வேலி ஒவ்வொரு வாரமும் தாவிக்கொண்டே இருக்கும். பத்து ஆகட்டும். பதினைந்திலிருந்து இருபது இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் பின்னோக்கிப் போனால், வளர்ந்த சேனலுக்குப் பழைய சிறிய எண்கள் வந்து இடைநிலையைக் கீழே இழுக்கும். அப்போது சாதாரண வீடியோ ஒவ்வொன்றும் வெற்றி போலத் தெரியும்.

21,000 வந்த வீடியோவைப் போலவே இன்னொன்று எப்படிச் செய்வது? – கானாடுகாத்தான் வாசகியின் மூன்றாவது கடிதம்

முதலில் பார்வைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள் ஆச்சி. பெரும்பகுதி ‘External’ என்று இருந்தால், யூடியூபுக்கு வெளியே யாரோ ஒரு குழுவில் பகிர்ந்திருக்கலாம். அதை உங்களால் திரும்பச் செய்ய இயலாது. உங்கள் படத்தில் ‘Browse features’, ‘Suggested videos’ இரண்டும் சேர்ந்து முக்கால் பங்குக்கு மேல். ஆகவே யூடியூபே உங்களை அறியாதவர்களுக்கும் அதைக் காட்டியிருக்கிறது, அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது, அதில் என்ன மாறியிருந்தது? கோழி வறுவல் நீங்கள் முன்பும் மூன்று முறை செய்திருக்கிறீர்கள். மூன்றும் 2,000-ஐ ஒட்டித்தான். இந்த முறை மட்டும் உங்கள் வீட்டின் முகப்பிலிருந்து வளவு வழியாக இரண்டாங்கட்டு வரை நடந்து, பழைய அடுப்பில் சமைத்தீர்கள். என் கணிப்பில் வீடுதான் ஆட்களை இழுத்தது. கணிப்பைச் சோதிக்க வேண்டும்: வேறு மூன்று பண்டங்களை, அதே வீட்டில் அதே நடையோடு எடுங்கள். மறுபடி 21,000 வர வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு உங்கள் மூன்றாம் கால்மானமான 2,350-ஐத் தாண்டினால் வீடுதான் காரணம் என்று நம்பலாம். மூன்றும் 1,700-ஐச் சுற்றியே விழுந்தால், இந்த ஊகத்தைத் தள்ளிவிட்டு அந்த வீடியோவின் தலைப்பையும் முகப்புப் படத்தையும் பார்ப்போம். மூன்றும் ஏழு நாள் நிறைந்த பிறகு எண்களை அனுப்புங்கள்.