ஃபேன் ஓவனுக்கு மாற்றும்போது குறைக்க வேண்டியது வெப்பமா, நேரமா?

கேள்வி: 180 டிகிரி, 50 நிமிடம் என்றிருந்த கேக் குறிப்பை ஃபேன் ஓவனுக்காக 160 டிகிரி, 35 நிமிடம் என்று மாற்றினேன். நடுப்பகுதி மாவாகவே இருந்தது. எங்கே தவறு?

பதில்: 160 டிகிரி சரிதான், பிழை நேரத்தில் இருக்கிறது. விசிறி இல்லாத ஓவனில் கேக்கின் மேற்பரப்பை ஒட்டி, சற்றே குளிர்ந்த காற்று மெல்லிய படலமாகத் தங்கி வெப்பத்தைத் தடுக்கிறது. விசிறி அந்தப் படலத்தைக் கலைத்துக்கொண்டே இருப்பதால், 160 டிகிரிக் காற்று ஏறத்தாழ 180 டிகிரியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே 20 டிகிரியைக் குறைத்ததிலேயே கணக்கு நேராகிவிட்டது. நீங்கள் அதையே நேரத்திலும் இன்னொரு முறை கழித்திருக்கிறீர்கள்.

அடுத்த முறை 160 டிகிரியில் வைத்து, 40ஆவது நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள்; நடுப்பகுதி இறுகும் முன் திறந்தால் அமுங்கிவிடக்கூடும். அதன் பிறகு நடுவில் குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் மூடிவிட்டு, நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஓரிரு உதிரித் துணுக்குகள் மட்டும் ஒட்டினால் எடுத்துவிடலாம். என் ஓவனில் இத்தகைய கேக் பெரும்பாலும் 45 நிமிடத்தை ஒட்டி வெந்துவிடுகிறது.

கேள்வி: வெப்பத்தை மாற்றாமல் நேரத்தை மட்டும் குறைத்தாலும் அதே பலன்தானே? பிஸ்கட்டுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: பிஸ்கட்டுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். 12 நிமிடம் என்றிருப்பதை 9ஆவது நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்கினால் போதும். அது மெல்லியதாகையால் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகவே வேகும். கனமான கேக்கில் இது பலிக்காது. மேலோடு முதலில் இறுகிவிட, உள்ளே இன்னும் உப்பிக்கொண்டிருக்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நடுவில் கூம்பிய வெடிப்பும் கருத்த ஓரமும் தெரிந்தால், வெப்பம் கூடிவிட்டதா என்பதையே முதலில் பாருங்கள்.

கேள்வி: ஓவனை அணைத்த பிறகும் என்னுடையதில் விசிறி ஓடுகிறது. அப்படியானால் நானும் 20 டிகிரி குறைக்க வேண்டுமா?

பதில்: அணைத்த பிறகும் ஓடுவது பெரும்பாலும் ஓவனின் வெளிப்பாகங்களைக் குளிர்விக்கும் விசிறியாக இருக்கும், உணவின் மீது காற்றைச் சுழற்றும் விசிறி வேறு. உள்ளே, பின்சுவரில் வலைமூடியிட்ட விசிறி இருந்து, அது சுழலும் நிலையில் சமைத்தால் மட்டும் குறையுங்கள். சில ஓவன்கள் ஃபேன் நிலைக்கு மாற்றியதும் வெப்பத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன என்பதால், கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மூடி போட்ட பாத்திரத்துக்கும் இதே கணக்கா?

பதில்: மூடியிருக்கும்போது காற்று உணவைத் தொடுவதில்லை, பாத்திரம் மட்டுமே விரைவில் சூடாகிறது. அதனால் வேறுபாடு குறைவு. நான் 10 டிகிரி மட்டும் குறைத்து, நேரத்தை அப்படியே விடுகிறேன். முழு 20 டிகிரியையும் குறைத்து நன்றாகச் சமைப்பவர்களும் உண்டு.