தத்து வந்த மகளுக்கும் அந்த வீட்டுத் தம்பிக்கும் பங்கு உண்டா?

“நாங்கள் இந்துக்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, தன் பெயரில் தண்டையார்பேட்டையில் வீடு வாங்கினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மூணு வயசில் என்னைத் தத்தெடுத்த பத்திரம் இருக்கிறது. ‘வளர்ப்புப் பொண்ணுக்குப் பங்கு கிடையாது’ என்கிறார் சித்தப்பா. அப்பா கோயிலில் தாலி கட்டிய இன்னொருவரின் மகனும் பங்கு கேட்கிறான். அம்மாவும், அப்பாவைப் பெற்ற ஆயாவும் இருக்கிறார்கள். யாருக்கு என்ன?” – வாசகி, தண்டையார்பேட்டை

வளர்ப்பு மகள் வேறு, தத்து மகள் வேறு. வெறுமனே எடுத்து வளர்த்த பிள்ளைக்கு வாரிசுரிமை வராது. சட்டப்படி தத்து கொடுத்த நாளிலிருந்து நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளைதான். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

உங்கள் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். பதிவு முத்திரையோடு, கொடுத்தவர், எடுத்தவர் இரு தரப்பின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கவேண்டும். இருந்தால், தத்து செல்லும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். செல்லாது என்று நிரூபிப்பது சித்தப்பா பாடு. கொடுத்தவர் கையெழுத்து இல்லையென்றால், பிள்ளையைக் கை மாற்றியதை நேரில் பார்த்த சாட்சி வேண்டும். அந்தப் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் இன்றே கேளுங்கள்.

அடுத்து அந்தப் பையன். அம்மா இருக்கும்போது நடந்ததால் அந்தக் கல்யாணம் செல்லாது. அந்த அம்மாவுக்கு மனைவி என்ற பங்கு இல்லை. ஆனால் பிள்ளையைச் சட்டம் தண்டிக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, செல்லாத கல்யாணத்தில் பிறந்தவரையும் அப்பாவின் சொத்துக்கு வாரிசாக்குகிறது. அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரும் பங்கிலும் இவர்களுக்கு உரிமை உண்டு என்றது.

இங்கே தாலி கட்டியதுதான் முக்கியம். கல்யாணமே இல்லாமல் பிறந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பிள்ளை அம்மாவுக்கு மட்டுமே வாரிசு. அதனால் கோயில் ரசீது, கல்யாணப் போட்டோ, சாட்சி என்று அவன்தான் காட்டவேண்டும். பல வருடம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் கல்யாணம் நடந்ததாகக் கொள்வதும் உண்டு.

அவன் நிரூபித்தால் ஆயா, அம்மா, நீங்கள், அவன் என நாலு சமபங்கு. நிரூபிக்காவிட்டால் மூணு. சித்தப்பாவுக்கு இன்று ஒன்றுமில்லை. அவர் கண் ஆயாவின் பங்கில் இருக்கலாம்; ஆயா உயில் எழுதாமல் போனால் அது அவர் பிள்ளைகளுக்குப் போகும். அதில் இறந்த மகனின் மகள் என்ற முறையில் உங்களுக்கும் ஒரு பகுதி வரும்.

அப்புறம், வாரிசுச் சான்றிதழ் மனுவில் அந்தப் பையனை மறைக்காதீர்கள். மறைத்து வீட்டை விற்றால், பின்னால் அவன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு விற்பனையைச் சிக்கலாக்குவான். தகராறு வந்தால் தாசில்தார் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார். அதற்குள் சித்தப்பா, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று எதையாவது நீட்டினால் நீங்களோ அம்மாவோ கையெழுத்துப் போடவேண்டாம். ஆயாவிடமும் சொல்லி வையுங்கள்.