கடுகு வெடிக்காமல் கசந்த கதை

"தாளிக்கும்போது கடுகு சில நாள் வெடிக்கவே மாட்டேங்குது, சில நாள் கசந்து போகுது. எண்ணெய் எவ்வளவு சூடா இருக்கணும்?"

நீங்களும் யாரோ சொன்னதைக் கேட்டு அடுப்பைச் சிம்மில் வைத்துத் தாளிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன்.

அக்காவின் வளைகாப்புக்கு எலுமிச்சை சாதம் என் பொறுப்பு. கருகிவிடக் கூடாது என்ற பயத்தில் சின்ன தீயில் நல்லெண்ணெயை வைத்தேன். அது லேசாகச் சூடானதுமே கடுகைப் போட்டுவிட்டேன். மூன்று நிமிடம் நின்றும் ஒரு சத்தம் வரவில்லை. அப்புறம் ஒன்றிரண்டு மட்டும் வெடித்தது. நேரமாகிறதே என்று பருப்பு, மிளகாய் எல்லாவற்றையும் போட்டு இறக்கிவிட்டேன். பந்தியில் பாதிப்பேர் சாதத்தை ஓரமாக ஒதுக்கினார்கள். எலுமிச்சை விதை அரைபட்டுக் கசக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அத்தை மட்டும் இலையிலிருந்து ஒரு கடுகை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். அது முழுசாக, கெட்டியாக இருந்தது. "எலுமிச்சை மேல பழி போடாதீங்க. இது வெடிக்காத கடுகு. எண்ணெயில கிடந்து காஞ்சு போயிருக்கு" என்றார்.

அன்று புரிந்ததைத்தான் சொல்கிறேன். கடுகுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. எண்ணெய் நல்ல சூட்டில் இருந்தால் அந்த ஈரம் சட்டென்று ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். அதுதான் வெடிப்பு. சூடு மெதுவாக ஏறினால் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும். அப்புறம் நீங்கள் தீயைக் கூட்டினாலும் உள்ளே வெடிக்க ஒன்றும் இருக்காது. காய்ந்த கடுகு வறுபட்டுக் கசக்கத்தான் செய்யும். வருடக்கணக்கில் அடுப்பு மேல் ஷெல்ஃபில் கிடந்த கடுகு சரியாக வெடிக்காததற்கும் இதுதான் காரணம்.

இதற்குப் பயந்து அடுத்த முறை எண்ணெயைப் புகைய விட்டேன். கடுகு விழுந்த நொடியே படபடவென்று வெடித்தது, ஆனால் அதே வேகத்தில் கருகியும் போனது. அந்தக் கசப்பு வேறு மாதிரி. முதல் முறை கடுகைக் கடித்தால்தான் கசந்தது, இந்த முறை எண்ணெயே கசந்து சாதம் முழுக்கப் பரவிவிட்டது. உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

சரியான சூடு ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி வேண்டாம். அரை தேக்கரண்டி கடுகுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெயாவது வைத்து, மிதமான தீயில் சூடாக்குங்கள். எண்ணெய் இளகி, கரண்டியைச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடும். அப்போது இரண்டே இரண்டு கடுகைப் போடுங்கள். சுற்றி நுரை கட்டி மூன்று நான்கு நொடிக்குள் வெடித்தால் மீதியைப் போடலாம். சும்மா அடியில் கிடந்தால் பொறுங்கள். எல்லாவற்றையும் போட்டு வெடிக்க ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். சத்தம் ஓயும்போது உளுத்தம்பருப்பு, அது சிவந்ததும் மிளகாய், கறிவேப்பிலை. உடனே சாதத்தில் கொட்டிவிடுங்கள். இரும்புக் கரண்டி அடுப்பை அணைத்த பிறகும் சூட்டை வைத்திருக்கும், அதிலேயே விட்டால் கடைசி நிமிடத்தில் கருகும்.

"எங்கள் வீட்டில் புகை வந்த பிறகுதான் போடுவோம்" என்று யாராவது வருவார்கள். வங்காளத்தில் கடுகெண்ணெயை அப்படிப் புகைய விடுவார்கள். ஆனால் அது எண்ணெயின் காரத்தை அடக்க. அப்புறம் தீயைத் தணித்துத்தான் தாளிப்பார்கள். நம் செக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கடுகு வெடிக்கும் சூட்டை ஒட்டியே புகைய ஆரம்பித்துவிடும், அதனால் இடைவெளி குறைவு. ரீஃபைண்ட் எண்ணெயில் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அன்று பந்தியில் என்னைப் பார்த்து "ஆம்பளை சமைச்சா இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னார். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குத் தாளிக்கிற மாஸ்டர் ஆணாகத்தானே இருக்கிறார்? எனக்குத் தெரியாமல் போனது எண்ணெயின் சூடு மட்டும்தான்.

தாளிப்பு ஒருமுறை கருகிவிட்டால் அதில் சர்க்கரையோ எலுமிச்சையோ சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தேன், கசப்பு போகவில்லை. போவது இரண்டு கரண்டி எண்ணெய்தான். கொட்டிவிட்டு, கரண்டியைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.