இரண்டு லீற்றர் கிரைண்டரில் எவ்வளவு மா அரையும்?

கேள்வி: ஒன்லைனில் ஒரு கிரைண்டர் பார்த்து வைத்திருக்கிறேன். டிரம் 2 லீற்றர், கருங்கல், மோட்டர் 150 வாற்ஸ், ஒரு தடவைக்கு 2 கிலோ மா, கழுவுவது மிகச் சுலபம் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர். வாங்கலாமா ஐயா?
வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அளவு உங்களுக்குப் போதும் அம்மா. ஆனால் அந்த 2 கிலோவை நம்பாதீர்கள்.

தோசைக்கு 200 கிராம் உழுந்தும் 600 கிராம் அரிசியும் ஊறப்போடுகிறீர்கள் என்று வைப்போம். அரைத்து முடிய எல்லாமாக ஏறக்குறைய 2 லீற்றர் மா வரும். கல்லும் உள்ளே சுழலுகிற டிரம்மில் அது ஒரே தடவையில் கொள்ளாது, விளிம்பால் வழியும். உழுந்தை முதலில் பொங்க அரைத்து வழித்துவிட்டு அரிசியைப் போடுங்கள். இரண்டு தடவை என்றால் தாராளம்.

அப்பத்துக்கு வெறும் அரிசி அரைப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அரிசி உழுந்தைப்போலக் காற்றைப் பிடித்துப் பொங்காது. போட்ட அளவுக்கே மா நிற்கும். அதனால் கொஞ்சம் கூடவே போடலாம். ஆனால் உழுந்து ஒரு பிடி சேர்த்தாலும் பழைய கணக்குத்தான். அரிசி என்றாலும் தண்ணீரைக் குறைத்தால் மா இறுகி, கல் சுழலாமல் நிற்கும், மோட்டர் சூடாகும்.

2 லீற்றருக்கு 150 வாற்ஸ் சரியான அளவுதான். மிக்ஸியின் 750 வாற்ஸோடு ஒப்பிட்டு 'பவர் காணாது' என்று விலை கூடியதைத் தள்ளிவிடுவார்கள், மசியாதீர்கள். கல் மெதுவாகச் சுழல்வதால்தான் மா சூடாகாமல் பொங்குகிறது. இந்தியாவிலிருந்து வருவதற்கு 'கொன்வேட்டர்' வேண்டும் என்பதும் ஏமாற்று. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட்தான்.

எனக்குப் பயம் கல்லில். பொடியை ஒட்டிச் செய்த கல்லையும் கருங்கல் என்றே விற்கிறார்கள். முதலில் தண்ணீர் மட்டும் விட்டு ஓட்டுங்கள், பிறகு ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டுங்கள். புதுக் கல்லில் ஒன்றிரண்டு தடவை மண் வரும். அதற்குப் பிறகும் மா விரலில் நறநறத்தால் திருப்பிக் கொடுங்கள்.

கழுவுவது சுலபமா என்பது டிரம் தனியாகக் கழன்று வருமா என்பதில் இருக்கிறது. அதைக் கேளுங்கள். கழன்றாலும் கல் சுழலும் அச்சுக்குள் மா ஒளிந்திருந்து புளித்து நாறும். காயுமுன் கழுவ வேண்டும். அடிப்பாகத்தில் தண்ணீர் படவே கூடாது.

சென்னையிலிருந்து கொண்டுவந்து கைமாற்றி விற்பவர்கள் உத்தரவாதம் என்று வாயால் சொல்வார்கள், பற்றுச்சீட்டுத் தரமாட்டார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐந்தாம் மாதம் மோட்டர் எரிந்தால் என்ன செய்வது? சட்டம் எழுதியவர்கள் வீட்டில் தோசை சுடுவதில்லைப் போலும்! ஆகவே கல்லின் வகையையும் மோட்டருக்கான உத்தரவாத மாதங்களையும் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்தக் கிரைண்டர் வேண்டாம்.